சாய்ந்த படமும் சரியான கணக்கும்

சுவரில் ஒட்டியிருக்கும் வட்டக் குறிவரைவைக் கைப்பேசியில் படமெடுத்து, வீட்டில் கோணமானியால் அளந்து கணக்குப் போடலாமா? ஓர் உண்மையான கணக்கை வைத்துப் பார்ப்போம்.

சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்குள்ள குடியிருப்பாளர்கள் ஏறத்தாழ 4.04 மில்லியன் பேர். அவர்களில் சீனர்கள் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர்கள் 13.5, இந்தியர்கள் 9.0, மற்றவர்கள் 3.2. கூட்டினால் சரியாக 100 வருகிறது.

முழு வட்டத்துக்கு 360 பாகை. எனவே 1 விழுக்காட்டுக்கு 3.6 பாகை. இந்தியர்களுக்குரிய துண்டின் கோணம் 9 × 3.6 = 32.4 பாகை. அவர்களின் எண்ணிக்கை 4,040,000 × 9 ÷ 100 = 363,600. கோணத்திலிருந்து தொடங்கி 32.4 ÷ 360 × 4,040,000 என்று கணக்கிட்டாலும் இதே விடைதான்.

இப்போது படத்துக்கு வருவோம். உயரத்தில் ஒட்டிய வரைபடத்தைக் கீழிருந்து சாய்வாகப் படமெடுத்தால் அதன் உயரம் சுருங்கும். அகலம் அப்படியே இருக்கும். வட்டம் 10 செ.மீ. அகலமும் 7 செ.மீ. உயரமும் கொண்ட நீள்வட்டமாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தியர்களின் துண்டு வட்டத்தின் உச்சியில் நடுவாக இருந்தால், அது குட்டையாகி விரிந்து ஏறத்தாழ 45 பாகை காட்டும். அதை நம்பிக் கணக்கிட்டால் விடை 505,000! அதே துண்டு வலப்பக்கம் நடுவில் இருந்தால் அது ஒடுங்கி 23 பாகைதான் காட்டும். விடை ஏறத்தாழ 258,000 ஆகிவிடும். மக்கள் மாறவில்லை, படமெடுத்த கோணம்தான் மாறியது.

இதைக் கண்டுபிடிக்க ஓர் அளவுகோல் போதும். படத்தில் வட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் கோணமானியை எடுக்க வேண்டாம். துண்டின் மேல் அச்சிட்டிருக்கும் விழுக்காட்டையோ பாகையையோ பயன்படுத்துங்கள். படம் எவ்வளவு சாய்ந்தாலும் அந்த எண்கள் மாறுவதில்லை.

எண் சரியாக இருந்தும் விடை தவறுவதுண்டு. 2020இல் சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 5.69 மில்லியன். அதில் 9 விழுக்காடு எடுத்தால் 512,100 வரும். இது பிழை. மேலே சொன்ன விழுக்காடுகள் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே சேர்த்துக் கணக்கிட்டவை. வெளிநாட்டு ஊழியர்களும் வெளிநாட்டு மாணவர்களும் அதில் இல்லை. ஆகவே வரைபடத்தைப் படமெடுக்கும்போது தலைப்பும் மொத்தமும் எழுதியிருக்கும் வரியையும் சேர்த்து எடுங்கள். எந்த மொத்தத்தில் 9 விழுக்காடு என்பதை அந்த வரிதான் சொல்லும்.