கூடிய விற்பனையில் சலுகையின் பங்கு எவ்வளவு?

காபித்தூள் விற்கும் நிறுவனம் ஒன்று தீபாவளிக்கு முன் சில கடைகளில் சலுகை விலை அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு வாரம் சராசரியாக 400 பாக்கெட் போன இடத்தில் 520 போகிறது. 120 பாக்கெட் கூடுதல்! ஆனால் பண்டிகை நேரத்தில் காபித்தூள் எப்படியும் கூடத்தானே விற்கும்?

அதனால்தான் சலுகை இல்லாத ஒப்பீட்டுக் கடைகள் தேவை. முந்தைய மாதங்களில் விற்பனை ஒரே போக்கில் ஏறி இறங்கிய கடைகளைச் சேர்த்து, எவற்றுக்குச் சலுகை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்ய வேண்டும். நன்றாக விற்கும் கடைகளையே மேலாளர் பொறுக்கினால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும்.

ஒப்பீட்டுக் கடைகளில் 400 என்பது 480 ஆனது. ஆக, சலுகை தந்தது 40 பாக்கெட் மட்டுமே.

அந்த 40-ஐயும் உடனே நம்பிவிடக் கூடாது. சலுகையே இல்லாத பழைய வாரங்களில் இரு குழுக்களின் இடைவெளி எவ்வளவு ஆடியது என்று பார்க்க வேண்டும். 15 பாக்கெட்டுக்குள் ஆடியிருந்தால் 40 உண்மையான உயர்வாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 50 வரை ஆடியிருந்தால் எதுவும் சொல்ல முடியாது, கூடுதல் கடைகளும் வாரங்களும் வேண்டும்.

இரண்டு கடைகளும் ஒரே தெருவில் இருந்தால் இன்னொரு சிக்கல்: வாடிக்கையாளர் சலுகைக் கடைக்கு நகர, ஒப்பீட்டுக் கடை இறங்கி, உயர்வு பெரிதாகத் தெரியும். சலுகை முடிந்த வாரங்களையும் எண்ணியே ஆக வேண்டும். மலிவாக வாங்கி வைத்தவர்கள் அப்போது கடைப்பக்கம் வருவதில்லை.