கார்ட்டில் இருக்கிறது, குடோனில் இல்லை

2014 அக்டோபர் 6. ஃப்ளிப்கார்ட் தன் முதல் ‘பிக் பில்லியன் டே’யை நடத்திய நாள். பத்து மணி நேரத்தில் சுமார் 600 கோடி ரூபாய்க்கு விற்பனையானதாக நிறுவனம் அறிவித்தது. மறுநாளே அதன் நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் வாடிக்கையாளர்களிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். தளம் முடங்கியது, விலை மாறியது, ஸ்டாக் கண்ணிமைப்பதற்குள் தீர்ந்தது, போட்ட ஆர்டர்கள் ரத்தாயின என்பவையே புகார்கள். அதன்பிறகு தளங்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனாலும் ஒவ்வொரு பண்டிகைக் காலத்திலும் ‘ஸ்டாக் இல்லாததால் உங்கள் ஆர்டர் ரத்து செய்யப்பட்டது’ என்ற செய்தி யாருடைய போனுக்காவது வந்துகொண்டேதான் இருக்கிறது.

“கார்ட்டில் போட்டு வைத்திருந்தேனே, பத்து நிமிடம் உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம் என்று கடிகாரம்கூட ஓடியதே!” என்பதுதான் ஏமாந்தவர்களின் ஆதங்கம். அந்தக் கடிகாரம் எதை ஒதுக்குகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

ஓர் உதாரணம். கோயம்புத்தூரில் ஒரு வியாபாரியிடம் 50 வெட் கிரைண்டர்கள் இருக்கின்றன. பாதி விலைக்கு ஃப்ளாஷ் சேலில் விடுகிறார். தளத்தின் கணினியில் அந்தக் கிரைண்டருக்கு நேராக 50 என்று ஓர் எண் பதிவாகிறது. வாங்குகிறவர் பார்ப்பதும் தளம் பார்ப்பதும் இந்த எண்ணைத்தான். கிரைண்டரை இருவருமே பார்க்கவில்லை.

நீங்கள் கார்ட்டில் போடுகிறீர்கள். சாதாரண விற்பனையில் இதனால் அந்த எண் குறையாது. 50 கிரைண்டர் 500 பேர் கார்ட்டில் இருக்கலாம். ஃப்ளாஷ் சேலில் மட்டும் சில தளங்கள் கொஞ்ச நேரம் ஒதுக்கித் தருகின்றன. அமேசானின் ‘லைட்னிங் டீல்’ பொருளைக் கார்ட்டில் போட்டால் 15 நிமிடக் கடிகாரம் ஓடும். அந்த நேரத்துக்கு 50 என்பது 49 ஆகக் காட்டப்படும், நேரம் முடிந்ததும் மறுபடி 50 ஆகிவிடும். குடோனில் யாரும் ஒரு கிரைண்டரை எடுத்து உங்கள் பெயர் எழுதித் தனியே வைப்பதில்லை. ரயில் டிக்கெட்டில் பெட்டியும் பெர்த்தும் குறிக்கப்பட்டிருக்கும். இங்கே அப்படி எந்தப் பெட்டியும் உங்களுக்கென்று குறிக்கப்படுவதில்லை.

ஒரே ஒரு கிரைண்டர் மிச்சமிருக்கும்போது இரண்டு பேர் ஒரே நொடியில் பட்டனை அழுத்தினால்? இரண்டு கோரிக்கைகளும் ‘1 இருக்கிறது’ என்று படித்துவிட்டு, இரண்டும் கழித்தால், இல்லாத ஒன்று விற்றுப்போகும். ஆனால் ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருளில், படிப்பதையும் கழிப்பதையும் பிரிக்க முடியாத ஒரே வேலையாக வைத்திருப்பார்கள். முதலில் வந்தவருக்குக் கிடைக்கும், அடுத்தவருக்கு அங்கேயே ‘இல்லை’ என்று வந்துவிடும். பெரிய தளங்களுக்கு இது தெரிந்த வித்தைதான். இன்றைய ரத்துகளுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு இடங்களில் இருக்கிறது.

முதல் இடம், பணம் கட்டும் நேரம். பத்து நிமிட ஒதுக்கீட்டில் ஒன்பதாவது நிமிடம் யுபிஐயில் பின் நம்பரைப் போடுகிறீர்கள். கணக்கிலிருந்து பணம் போய்விடுகிறது. ஆனால் சேல் நேரத்து நெரிசலில் வங்கியின் பதில் தளத்துக்கு மூன்று நிமிடம் தாமதமாக வருகிறது. அதற்குள் ஒதுக்கீடு காலாவதியாகி அந்தக் கிரைண்டர் வேறொருவருக்குப் போய்விட்டது. இப்போது தளத்துக்கு இரண்டே வழி. உடனே பணத்தைத் திருப்பலாம். அல்லது எப்படியும் நாலு பேர் கேன்சல் செய்வார்கள் என்ற நம்பிக்கையில் ஆர்டரை ஏற்றுக்கொள்ளலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து அந்த நாலு பேர் கேன்சல் செய்யாவிட்டால், இரண்டு நாள் கழித்து உங்களுக்கு ரத்துச் செய்தி வரும்.

இரண்டாவது இடம் வியாபாரியின் குடோன். நம் கோவை வியாபாரி அதே 50 கிரைண்டரை இரண்டு தளங்களில் போட்டிருக்கிறார். ஒவ்வொன்றிலும் 50 என்றே காட்டுகிறது. இரண்டையும் இணைக்கும் மென்பொருள் கால் மணி நேரத்துக்கு ஒருமுறைதான் கணக்கைச் சரிசெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் கால் மணி நேரத்தில் ஒன்றோ இரண்டோ விற்கும், பிரச்சினையில்லை. ஃப்ளாஷ் சேலில் ஒரு தளத்தில் 35, மறு தளத்தில் 30 என்று அந்தக் கால் மணி நேரத்துக்குள்ளேயே போய்விடுகிறது. 65 ஆர்டர், 50 கிரைண்டர். 15 பேருக்கு ஏமாற்றம் அப்போதே உறுதி. அவர்களுக்குத் தெரிவது மட்டும் பிறகு.

அந்த 50 கூட முழுதாக இருக்குமா என்பது அடுத்த கேள்வி. பேக் செய்யப் போகிற தொழிலாளி அலமாரியில் பார்க்கும்போது ஒன்றின் கல் உடைந்திருக்கும், இன்னொன்று வேறு அலமாரியில் மாறிப்போயிருக்கும், திரும்பி வந்த ஒன்று சரிபார்க்கப்படாமலே கணக்கில் ஏறியிருக்கும். பொருளை ஒரு மனிதர் கையில் எடுக்கும் அந்த நேரத்தில்தான் கணினியின் எண் முதல்முறையாகச் சோதனைக்கு வருகிறது.

எங்கே சறுக்கியது என்று ரத்தான நேரத்தை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். பணம் கட்டிய சில நிமிடங்களில் ரத்தானால் அது ஒதுக்கீடு காலாவதியானதாகவோ பேமென்ட் தாமதமாகவோ இருக்கும். ஒரு நாள், இரண்டு நாள் கழித்து, ‘அனுப்பப்பட்டது’ என்ற நிலைக்கு வராமலே ரத்தானால் பெரும்பாலும் பொருள் குடோனில் இல்லை.

இதைத் தடுக்க முடியாதா என்றால், முடியும். 50 இருக்கும்போது 45 என்று மட்டும் விற்பனைக்கு வைத்தால் உடைந்ததும் தொலைந்ததும் அந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். இரண்டு தளங்கள் என்றால் ஒன்றுக்கு 25, மற்றதற்கு 20 என்று பிரித்துவிடலாம். இதில் சில விற்பனைகள் கைநழுவலாம் என்பதால்தான் பலர் செய்வதில்லை. அந்தச் சிறு நஷ்டத்தை ஏற்க மறுத்து, அதை வாங்குகிறவர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. அவருடைய பணம் சில நாள் முடங்குகிறது. சேலும் முடிந்துவிடுவதால் அதே விலையில் வேறெங்கும் வாங்கவும் முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? ஆர்டர் போடுவது வாங்குகிறவரின் கோரிக்கை மட்டுமே, பொருளை அனுப்பும்போதுதான் ஒப்பந்தம் உண்டாகிறது என்று பல தளங்கள் தங்கள் நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கின்றன. அதனால் ‘அதே விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும்’ என்று வாதிட்டு வெல்வது கடினம். ஆனால் விளம்பரம் செய்தவருக்குப் பொறுப்பு உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், சொன்ன விலைக்கு விற்க நியாயமான வாய்ப்பு இல்லாமல் ஆசைகாட்டி இழுக்கும் விளம்பரத்தைத் தடுக்கின்றன. எதிர்பார்க்கக்கூடிய தேவைக்குப் போதுமான சரக்கு வைத்திருக்க வேண்டும், குறைவாக இருந்தால் அதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். 2020-இன் மின்வணிக விதிகளும் ஒன்று சொல்கின்றன: தன்னிச்சையாக ஆர்டரை ரத்து செய்யும்போது தானும் அதேபோன்ற கட்டணத்தை ஏற்காத நிறுவனம், நாம் ரத்து செய்தால் நம்மிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது.

எனவே சேல் நாளில் கடிகாரத்தின் கடைசி நிமிடம்வரை காத்திருக்காதீர்கள். முகவரியையும் பணம் கட்டும் முறையையும் முன்பே பதிந்து வைத்துவிட்டு உடனே கட்டி முடியுங்கள். விலை தெரியும் பக்கத்தையும் ஆர்டர் உறுதிச் செய்தியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ரத்தானால் கூப்பனாகவோ வாலட் பாயிண்டாகவோ வேண்டாம், கட்டிய கணக்குக்கே பணம் வர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். தளம் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதியுங்கள்.