‘9 மாதத்தில் இரட்டிப்பு’ என்றால் கணக்கைக் கேளுங்கள்

புதிய செயலியில் பணம் போடச் சொல்பவர்கள் காட்டும் வரைபடத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு வாசகம்தான் தடித்த எழுத்தில் இருக்கும்: “எங்கள் பயனர்கள் இத்தனை மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறார்கள்.” அந்த எண் எப்படி வருகிறது, எந்த இடத்தில் காலை வாரிவிடும் என்பது தெரிந்தால், மேசைக்கு எதிரே இருப்பவரிடம் சரியான கேள்வியைக் கேட்கலாம். ஃபேஸ்புக்கின் பழைய கணக்கை வைத்தே பார்ப்போம்.

அந்த நிறுவனம் அறிவித்த பயனர் எண்ணிக்கை: 2007 அக்டோபரில் 5 கோடி, 2008 ஆகஸ்டில் 10 கோடி, 2009 ஏப்ரலில் 20 கோடி, 2009 டிசம்பரில் 35 கோடி. முதல் மாதத்தை 0 என்று வைத்தால் மாதங்கள் 0, 10, 18, 26. இதை அப்படியே வரைந்தால் மேல்நோக்கி வளையும் கோடு கிடைக்கும். எண்ணிக்கைக்கு மடக்கை எடுத்து வரைந்தாலோ, சம விகிதத்தில் வளரும் எதுவும் நேர்க்கோடாகிவிடும். அந்தக் கோட்டின் சாய்வே வளர்ச்சி வேகம். எக்செலில் மாதங்களை A பத்தியிலும் எண்ணிக்கையை B பத்தியிலும் இட்டு, C2-இல் முதல் வரியை எழுதி C5 வரை இழுத்துவிடுங்கள். அடுத்த இரண்டையும் E1, E2-இல் எழுதுங்கள்:

```
=LN(B2)
=SLOPE(C2:C5,A2:A5)
=LN(2)/E1
```

சாய்வு 0.0758 என்று வரும். அதாவது மாதத்துக்கு ஏறக்குறைய 7.9 சதவீத வளர்ச்சி. LN(2) என்பது 0.693. அதைச் சாய்வால் வகுத்தால் 9.1 மாதம். ‘9 மாதத்தில் இரட்டிப்பு’ என்ற வாசகம் பிறப்பது இப்படித்தான். இங்கே ஒரு சின்னப் பிசகு அடிக்கடி நடக்கும். C பத்தியில் LN-க்குப் பதில் LOG10 போட்டுவிட்டு, கடைசியில் மட்டும் LN(2) வைத்தால் 9 மாதம் 21 மாதமாகிவிடும். இரண்டு இடத்திலும் ஒரே மடக்கைதான் இருக்க வேண்டும்.

இதுவரை கணக்கில் தவறே இல்லை. புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒட்டுகின்றன என்று சொல்லும் R² மதிப்பும் 0.998. ஆபத்து இதற்குப் பிறகுதான். இதே கோட்டை 2012 அக்டோபர் வரை, அதாவது 60-வது மாதம் வரை நீட்டினால் 465 கோடி பயனர்கள் என்று காட்டும். அந்த மாதம் ஃபேஸ்புக் அறிவித்தது 100 கோடி. அப்போது உலகம் முழுவதும் இணையம் பயன்படுத்தியவர்களே 300 கோடிக்குக் குறைவு! (இந்தக் கணிப்பு நாம் போட்டது, ஃபேஸ்புக் சொன்னதல்ல.) R² கடந்த காலத்துக்கு மட்டுமே சான்று. அதைக் காட்டி எதிர்காலத்தை விற்பவரை நம்ப வேண்டியதில்லை.

வேகம் குறைவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? முடியும். மொத்தத்துக்கும் ஒரே கோடு போடாமல், அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே தனித்தனியாக இரட்டிப்புக் காலத்தைப் பாருங்கள். முதல் இடைவெளியில் 10 மாதம், பிறகு 8, பிறகு 10. 2010 ஜூலையில் 50 கோடி என்று அறிவித்தார்கள்; அந்த இடைவெளிக்குக் கணக்கிட்டால் 13 மாதத்துக்கு மேல். அங்கேயே மணி அடித்துவிட்டது. 50 கோடி 100 கோடியாக 27 மாதம் பிடித்தது. 100 கோடி 200 கோடியானது 2017 ஜூனில்தான்.

எந்த எண்ணுக்குக் கோடு போட்டார்கள் என்பதும் முக்கியம். இதுவரை பதிவு செய்தவர்களின் கூட்டுத்தொகை ஒருபோதும் இறங்காது. செயலியை நீக்கியவரும் அதில் உட்கார்ந்திருப்பார். மாதந்தோறும் உண்மையில் பயன்படுத்துவோர் எண்ணிக்கையைத்தான் கேட்க வேண்டும்.

இந்தியாவில் ஒரு நிறுவனம் பொதுப் பங்கு வெளியிடும்போது, பங்கின் விலைக்கு ஆதாரமான முக்கியச் செயல்திறன் அளவீடுகளை விளக்கத்தோடு வெளியீட்டு ஆவணத்தில் தர வேண்டும்; அவை சான்றளிக்கப்பட்டும் இருக்க வேண்டும். இது 2022 முதல் செபி விதி. ‘பயனர்’ என்று யாரைச் சொல்கிறார்கள் என்பதை அங்கே தேடுங்கள். பட்டியலிட்ட நிறுவனத்தின் மீது குறை இருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். தீராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யலாம். பட்டியலிடாத நிறுவனத்துக்கு இந்தப் பாதுகாப்பு எட்டாது. அங்கே மாதவாரி எண்ணிக்கையைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆள் சேர்த்தால் பணம் பெருகும் என்று வசூலிப்பவர்கள் என்றால் விஷயமே வேறு: பணச் சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. தமிழகத்தில் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசில் புகார் கொடுங்கள். துண்டறிக்கையையும் ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.