முந்தியா, பிந்தியா: பூட்டிய பிறகும் அடங்காத ஊசலாட்டம்

கைப்பேசியின் சுற்றுப்பலகையில், சிறிய உலோக உறைக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அது நொடிக்கு 4 கோடி முறை, அதாவது 40 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில், பிசகாமல் துடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் வானொலிச் சில்லுக்கு வேண்டியது 4 கிகாஹெர்ட்ஸ். நொடிக்கு 400 கோடி துடிப்பு. அந்த வேகத்தில் துடிக்கக்கூடிய அலையியற்றியைச் சில்லுக்குள்ளேயே அமைத்துவிடலாம். அதனால் தன்போக்கில் நேரம் தவறாமல் துடிக்கத்தான் முடியாது. வெப்பம் சற்றே மாறினாலும், பக்கத்துச் சுற்று மின்சாரத்தை இழுத்தாலும் அதன் வேகம் நகர்ந்துவிடும். அதைப் படிகத்தின் துடிப்போடு கட்டிப்போடும் சுற்றுக்குத்தான் பேஸ் லாக்டு லூப், சுருக்கமாக பி.எல்.எல்., என்று பெயர். அலையியற்றியின் ஒவ்வொரு நூறாவது துடிப்பையும் படிகத்தின் ஒரு துடிப்போடு ஒப்பிட்டு, பிந்தினால் வேகத்தைக் கூட்டி, முந்தினால் குறைப்பது அதன் வேலை. இரண்டும் ஒன்றோடொன்று இசைந்து நின்றால் சுற்று பூட்டிவிட்டது என்பார்கள்.

பழைய பி.எல்.எல். சுற்றுகளில் இந்தத் திருத்தம் ஒரு மின்தேக்கியில் சேரும் மின்னழுத்தமாக இருந்தது. டிரான்சிஸ்டர்கள் சிறுத்து, மின்னழுத்தமும் தாழ்ந்தபோது அந்த வழி இடுக்கமாகிவிட்டது. மின்தேக்கிகளுக்கோ சில்லில் நிறைய இடம் வேண்டும். அதனால் திருத்தத்தை எண்ணாகவே கணக்கிட்டு, அந்த எண்ணுக்கு ஏற்பச் சின்னஞ்சிறு மின்தேக்கிகளை இணைத்தும் துண்டித்தும் அலையியற்றியின் வேகத்தை மாற்றும் முழு டிஜிட்டல் பி.எல்.எல். பிறந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ராபர்ட் ஸ்டஷெவ்ஸ்கியும் குழுவினரும் 130 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்த புளூடூத் சில்லு 2004-இல் வெளியான கட்டுரையால் இதற்கு முன்னோடியாக அறியப்படுகிறது.

அந்த வழியில் ஒரு சிக்கல் உண்டு. எவ்வளவு முந்தியது, எவ்வளவு பிந்தியது என்று எண்ணில் சொல்ல, நேரத்தை அளக்கும் அளவுகோல் ஒன்று சில்லுக்குள் வேண்டும். வரிசையாகக் கோத்த இன்வர்ட்டர்களின் தாமதமே அதில் ஒவ்வொரு கோடாக அமையும். 90 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் ஒரு கோட்டின் அகலம் ஏறத்தாழ 20 பிக்கோ நொடி. பிக்கோ நொடி என்பது ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இன்னும் நுட்பமாக அளக்க வேண்டுமானால் சுற்றும் பெருக்கும், மின்செலவும் ஏறும்.

எவ்வளவு என்ற கேள்வியையே விட்டுவிட்டால்? ஓட்டப்பந்தயத்தின் முடிவுக் கோட்டில் நிற்கும் நடுவர், யார் முதலில் வந்தார் என்று மட்டும் சொல்லி, எத்தனை அடி வித்தியாசம் என்று சொல்லாதது போன்றதுதான் பேங்-பேங் பேஸ் டிடெக்டர். இதற்கு ஒரே ஒரு பிளிப்-பிளாப் போதும். படிகத்தின் விளிம்பு வரும் கணத்தில், அலையியற்றியிலிருந்து வகுத்து எடுத்த துடிப்பு ஏற்கெனவே மேலேறிவிட்டதா என்று அது பார்க்கிறது. ஏறியிருந்தால் முந்தி, ஏறாவிட்டால் பிந்தி. விடை ஒரே ஒரு பிட். பத்து பிக்கோ நொடி பிந்தினாலும், பத்தில் ஒரு பிக்கோ நொடி பிந்தினாலும் வரும் விடை ஒன்றுதான். முந்தி, பிந்தி என்று இருவகையாகப் பார்க்கும் இந்த எண்ணம் புதிதல்ல. தரவு ஓட்டத்திலிருந்து கடிகாரத் துடிப்பை மீட்க ஜே.டி.எச். அலெக்சாண்டர் 1975-இலேயே இதே வகையான கண்டறியும் சுற்றை எழுதியிருக்கிறார்.

இதில் இல்லாதது ஒரு விடை: ‘சரியாக இருக்கிறது, கை வைக்காதே.’ இரு விளிம்புகளும் அச்சாகப் பொருந்தினாலும் பிளிப்-பிளாப் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். சாய்ந்ததும் அலையியற்றியின் வேகம் ஒரு படி மாறும். பூட்டிய பிறகும் ஓயாமல் நடக்கும் ஊசலாட்டத்தின் வேர் இதுதான்.

ஒரு சிறு கணக்கில் இது தெளிவாகத் தெரியும். பிந்தி என்று விடை வந்தால் அலையியற்றி 40 கிலோஹெர்ட்ஸ் வேகம் கூடட்டும். முந்தி என்றால் அதே அளவு குறையட்டும். 4 கிகாஹெர்ட்ஸில் இது லட்சத்தில் ஒரு பங்கு. படிகத்தின் ஒரு துடிப்பு 25 நானோ நொடி. அதில் லட்சத்தில் ஒரு பங்கு 0.25 பிக்கோ நொடி. ஆக, ஒவ்வொரு துடிப்பிலும் பிழை 0.25 பிக்கோ நொடி மேலே போகும், இல்லையேல் கீழே வரும். பிந்துவதைக் கூட்டல் குறியாகக் கொள்வோம். பிழை +0.10-இல் இருந்தால் அடுத்த துடிப்பில் −0.15 ஆகும், அதற்கடுத்து மீண்டும் +0.10, பிறகு −0.15. முடிவே கிடையாது. ஆனாலும் மொத்த அலைச்சல் 0.25 பிக்கோ நொடிதான். இத்தோடு நின்றிருந்தால் பலர் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

உண்மைச் சில்லில் விடை உடனே அலையியற்றியை எட்டுவதில்லை. பிளிப்-பிளாப்பின் வெளியீடு நிலைப்பட இன்னொரு பிளிப்-பிளாப் வழியாகப் போகிறது. வடிகட்டியில் கூட்டலும் பெருக்கலும் நடக்கின்றன. முடிவான எண் இன்னொரு பதிவகத்தில் காத்திருக்கிறது. இதற்கெல்லாம் இரண்டு துடிப்பு நேரம் ஆகிறது என்று கொள்வோம். இப்போது பிழை சுழியத்தைக் கடந்த பிறகும், கடப்பதற்கு முன் சொன்ன பழைய விடைகளே இன்னும் வந்துகொண்டிருக்கும். அவற்றை நம்பி அலையியற்றி தவறான பக்கமே மேலும் நகரும். அந்தக் கணக்கை எழுதிப் பார்த்தால் பிழை இப்படிப் போகும்:

−0.15, −0.40, −0.65, −0.40, −0.15, +0.10, +0.35, +0.60, +0.35, +0.10

பிறகு மீண்டும் −0.15. பத்துத் துடிப்புக்கு ஒருமுறை சுழலும் வளையம் இது. அலைச்சலின் அகலம் 0.25-இலிருந்து 1.25 பிக்கோ நொடியாகிவிட்டது; ஐந்து மடங்கு. தாமதம் D துடிப்பு என்றால் அகலம் 2D+1 படி. ஒரு சுற்று முடிய 4D+2 துடிப்பு. படியின் அளவை மாற்றாமல் தாமதம் மட்டுமே இத்தனையையும் செய்துவிடுகிறது.

அலைமாலை பகுப்பானில் பார்த்தால் இந்த ஊசலாட்டம் கண்ணில் படும். 4 கிகாஹெர்ட்ஸில் நிற்கும் உயர்ந்த கோட்டுக்கு இருபுறமும், 40 மெகாஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்கான 4 மெகாஹெர்ட்ஸ் தள்ளி, இரண்டு சின்னக் கோடுகள் முளைத்திருக்கும். நம் கணக்குப்படி ஒவ்வொன்றின் திறனும் நடுக்கோட்டின் திறனில் ஏறத்தாழ 25,000-இல் ஒரு பங்கு, அதாவது 44 டெசிபெல் கீழே. வானொலிக்கு இது சிறிய தொல்லையல்ல. ரிசீவர் கேட்க விரும்பும் மெல்லிய அலைவரிசைக்கு 4 மெகாஹெர்ட்ஸ் அருகில் வலுவான வேறு நிலையம் இருந்தால், இந்தக் கோடு அதையும் நம் அலைவரிசையின் மேலேயே கொண்டுவந்து போட்டுவிடும்.

அந்தக் கோடு பேங்-பேங் ஊசலாட்டத்தால்தான் வந்ததா, மின்வழங்கியிலிருந்து கசிந்த வேறு ஏதேனுமா என்று பிரித்தறிய ஒரு நல்ல வழி உண்டு. வடிகட்டியில் படியின் அளவைப் பாதியாக்கிப் பார்க்க வேண்டும். ஊசலாட்டமானால் கோடு 6 டெசிபெல் தாழும், ஆனால் இடம் மாறாது. இடத்தைத் தீர்மானிப்பது படியல்ல, தாமதம்.

அப்படியானால் படியைக் குறைத்துக்கொண்டே போகலாமே என்று தோன்றும். போகலாம், ஓர் எல்லை வரை. அலையியற்றி தானும் சும்மா இருப்பதில்லை. டிரான்சிஸ்டர்களின் இரைச்சலால் அதன் துடிப்பு ஒவ்வொரு கணமும் சிறிது சிறிதாக விலகிக்கொண்டே போகிறது. படி அதைவிடச் சிறிதானால் பி.எல்.எல். அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. தொடக்கத்தில் பூட்டுவதும் தாமதமாகும். பிழை எவ்வளவு பெரிதானாலும் ஒரு துடிப்புக்கு 0.25 பிக்கோ நொடிதான் குறையும் என்பதால், 125 பிக்கோ நொடி பிழையைக் கரைக்க 500 துடிப்பு, அதாவது 12.5 மைக்ரோ நொடி ஆகும். வேகத்திலேயே 40 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தவறு இருந்தால் இந்தப் படியால் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் விடைகளைச் சேர்த்துக்கொண்டே வரும் இன்னொரு பாதையும், முதலில் வேகத்தைக் கிட்டத்தட்டச் சரிசெய்யும் துணைச்சுற்றும் கூடவே வைக்கிறார்கள்.

இங்கேதான் இரைச்சல் எதிர்பாராத உதவி செய்கிறது. இரு விளிம்புகளும் சீரற்று நடுங்குகின்றன, அந்த நடுக்கத்தின் திட்ட விலக்கம் 1 பிக்கோ நொடி என்று கொள்வோம். உண்மையான பிழை 0.1 பிக்கோ நொடி பிந்தியது என்றால் பிளிப்-பிளாப் ஒவ்வொரு முறையும் பிந்தி என்று சொல்லாது. நூறு முறையில் ஏறத்தாழ 54 முறை பிந்தி, 46 முறை முந்தி என்று சொல்லும், வித்தியாசம் 8. பிழை 0.2 ஆனால் 58-க்கு 42, வித்தியாசம் 16. பிழை இரண்டு மடங்கானபோது வித்தியாசமும் இரண்டு மடங்காகிவிட்டது! ஒரே பிட் பேசும் டிடெக்டர், பல துடிப்புகளின் சராசரியில் அளவையும் சொல்லத் தொடங்கிவிடுகிறது. இரைச்சல் ஊசலாட்டத்தின் அகலத்தைவிடப் பெரிதாக இருக்கும்வரை அந்தப் பத்துத் துடிப்பு வளையம் ஒழுங்காக உருவாக முடியாது. கூரிய கோடுகள் கரைந்து பரந்த இரைச்சலோடு கலந்துவிடும். நிகோலா டா டால்ட் 2005-இலும் 2008-இலும் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் இந்த இரு நிலைகளையும், வளையம் ஆளும் நிலையையும் இரைச்சல் ஆளும் நிலையையும், வடிவமைப்பவர்கள் கையாளத்தக்க கணக்காக்கின. 2011-இல் மிலான் பாலிடெக்னிக் குழு, பேங்-பேங் டிடெக்டரை வைத்தே 2.9 முதல் 4.0 கிகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் பி.எல்.எல். ஒன்றைச் செய்து, மொத்த நடுக்கத்தை 560 ஃபெம்டோ நொடிக்கு, அதாவது 0.56 பிக்கோ நொடிக்கு, கொண்டுவந்தது. அதன் மின்செலவு 4.5 மில்லிவாட்.

ஆகவே வடிவமைப்பவர் முதலில் தாமதத்தைத்தான் வெட்டப் பார்ப்பார். பிளிப்-பிளாப்பின் பிட்டை வடிகட்டிக்குள் சுற்றவிடாமல், அலையியற்றியின் ஒரு தனி மின்தேக்கிக்கு நேரே அனுப்புவது வழக்கமான உத்தி. மெதுவாகச் சேரும் திருத்தம் மட்டும் வடிகட்டி வழியே வரும். அடுத்தது படியின் அளவு. வெப்பமும் மின்னழுத்தமும் மாறும்போது இரைச்சலும் மாறுவதால், ஆய்வகத்தில் ஒருமுறை தேர்ந்தெடுத்த அளவு எப்போதும் பொருந்தாது. இதற்குச் சில்லு தன் பிட் வரிசையையே பார்த்துக்கொள்ளலாம். நம் எடுத்துக்காட்டில் படி பெரிதாகி ஊசலாட்டம் ஆளும்போது பிட்டுகள் 1111100000 என்று போகும். எந்தப் பிட்டை எடுத்தாலும் ஐந்து இடம் தள்ளி இருப்பது அதற்கு நேர் எதிர். படி மிகச் சிறிதாகி, அலையியற்றியின் விலகலைத் துரத்த முடியாதபோது ஒரே விடை நெடுநேரம் தொடரும். ஐந்து இடம் தள்ளியும் பெரும்பாலும் அதே பிட் இருக்கும். இரண்டுக்கும் நடுவில், ஒரு பிட்டைப் பார்த்து ஐந்து இடம் தள்ளி இருப்பதை ஊகிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. எதிர் பிட்டுகள் மிகுந்தால் படியைக் குறைத்தும், ஒத்த பிட்டுகள் மிகுந்தால் கூட்டியும், ஒரு சிறிய எண்ணி இந்த இடத்திலேயே சுற்றை நிறுத்தி வைக்கும்.