எண்ணெய் முந்துகிறது, ஆனால் காரணம் அதுதானா?

டீசல் ஏறினால் லாரி வாடகை ஏறும், வாடகை ஏறினால் காய்கறி ஏறும். சந்தையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் வழியை 1969-இல் தந்தவர் கிளைவ் கிரேஞ்சர். 2003-இல் நோபல் பரிசு பெற்றவர்.

அவருடைய சோதனையில் இரண்டு கணிப்புகள் மோதுகின்றன. ஒன்று, பணவீக்கத்தின் பழைய மாதங்களை மட்டும் வைத்து இந்த மாதத்தைக் கணிக்கிறது. மற்றது, கச்சா எண்ணெயின் பழைய விலை மாற்றங்களையும் சேர்த்துக்கொள்கிறது. இரண்டாவதில் பிழை, தற்செயல் என்று தள்ள முடியாத அளவுக்குக் குறைந்தால் எண்ணெய்க்கு முன்னறிவிக்கும் திறன் உண்டு. விலையை டாலரில் அப்படியே போடக்கூடாது, மாதாந்திர சதவீத மாற்றத்தைத்தான் போட வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும் எந்த இரண்டு எண்களும் உறவுக்காரர்கள் போலவே தெரியும்.

சிக்கல், எத்தனை மாதம் பின்னோக்கிப் பார்ப்பது என்பதில்தான். பத்து ஆண்டுகளின் 120 மாதங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 12 மாதம் பின்னோக்கினால் முதல் 12 மாதங்கள் கழிந்து 108 மிஞ்சும். அவற்றைக் கொண்டு 25 கெழுக்களை மதிப்பிட வேண்டும். மூன்று மாதம் போதுமென்றால் ஏழே கெழுக்கள், ஆனால் மெதுவாக வந்து சேரும் தாக்கம் கண்ணில் படாது. ஏ.ஐ.சி. என்ற அளவுகோல் நீண்ட தாமதத்தின் பக்கமும் பி.ஐ.சி. குறுகியதன் பக்கமும் சாயும். எதைக் கொண்டு ஒப்பிட்டாலும் எல்லாத் தாமதங்களையும் அதே 108 மாதங்களில்தான் ஒப்பிட வேண்டும். பன்னிரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, சாதகமாக வந்த ஒன்றை மட்டும் காட்டுவது சீட்டைப் பார்த்துவிட்டுப் பந்தயம் கட்டுவது போன்றது.

இந்தியாவில் இன்னொரு முடிச்சும் உண்டு. 2014 ஜூனில் பீப்பாய்க்குச் சுமார் 115 டாலராக இருந்த பிரென்ட் கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30-க்கும் கீழே போனது. அதற்குள் மத்திய அரசு கலால் வரியை ஒன்பது முறை உயர்த்திவிட்டதால், பங்க்கில் அந்தச் சரிவு முழுதாகத் தெரியவில்லை. 2021 நவம்பரிலிருந்து 2022 மார்ச் வரையோ, கச்சா 100 டாலரைத் தாண்டியும் பெட்ரோல், டீசல் விலை பெரும்பாலும் அசையவில்லை. இப்படி வரியும் விலை நிறுத்தமும் குறுக்கே நிற்கும் ஆண்டுகளில் சோதனை 'தொடர்பில்லை' என்றால், அது எண்ணெயைப் பற்றிய செய்தியாக இல்லாமல் அரசின் கொள்கையைப் பற்றிய செய்தியாக இருக்கலாம். பங்க் விலையை வைத்து அதே சோதனையை மறுபடி செய்து பார்ப்பது நல்லது.

'தொடர்பு உண்டு' என்று வந்தாலும் துள்ளக்கூடாது. பொங்கலுக்கு முன்பே கரும்புக் கட்டுகள் சந்தைக்கு வந்துவிடுகின்றன. அதனால் கரும்பு பொங்கலைக் கொண்டுவருவதாகிவிடாது. 2008-க்கு முந்தைய ஆண்டுகளில் உலகத் தேவை பெருகியபோது எண்ணெயும் உலோகங்களும் சேர்ந்தே ஏறின. எண்ணெய்ச் சந்தை வேகமானது, முதலில் அசைந்திருக்கும். சில்லறை விலைகள் பின்னால் வந்திருக்கும். இரண்டையும் தள்ளிய கை வேறு. பொருளாதார அறிஞர் லுட்ஸ் கிலியன் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, வரத்துத் தடையால் வரும் ஏற்றத்தையும் தேவையால் வரும் ஏற்றத்தையும் பிரித்தது இதனால்தான்; இரண்டின் விளைவுகளும் ஒன்றல்ல.

ஆகவே, 'எண்ணெய் விலைவாசியை ஏற்றியது' என்று கிரேஞ்சர் சோதனையை மட்டும் காட்டி எழுதும் கட்டுரை, அந்தச் சோதனை சொல்லாததைச் சொல்கிறது.