ஓட ஆரம்பிச்சதும் கால் எலும்பு வலிக்குதா? சாதாரண வலியா, விரிசலா.. விரலால் அழுத்திப் பார்த்தாலே துப்பு கிடைக்கும்!

புதிதாக ஓடத் தொடங்கும் பலருக்கும் சில வாரங்களில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் உள்பக்க ஓரத்தில் வலி வரும். பெரும்பாலும் இது 'ஷின் ஸ்பிளின்ட்ஸ்'. எலும்பும் அதை மூடியிருக்கும் மெல்லிய உறையும் எரிச்சலடைந்த நிலை. ஓட்டத்தைக் குறைத்தால் சரியாகிவிடும்.

ஆனால் அதே எலும்பில் மெல்லிய விரிசல் விழுந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் வலிக்கும். அது 'ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்'. அதோடு ஓடிக்கொண்டே இருந்தால் எலும்பு முழுசாக முறியவும் வாய்ப்பு உண்டு.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

உட்கார்ந்தே வேலை பார்க்கும் 30 வயது ஊழியர் ஒருவர், முதல் மாதத்திலேயே தினமும் 5 கிலோமீட்டர் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். எலும்பு அப்படி இல்லை. அது பழசை அரித்து எடுத்துவிட்டுத்தான் புதுசைக் கட்டும். அதற்குப் பல வாரம் ஆகும்.

4-வது வாரம் வலி தொடங்குகிறது. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கிறது, உடம்பு சூடானதும் குறைகிறது, ஓடி முடித்தபின் மறுபடி வருகிறது. எலும்பின் உள்ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டே போனால், நாலைந்து விரல் அகலத்துக்கு மேல் நீளமாக வலிக்கிறது. இது ஷின் ஸ்பிளின்ட்ஸின் அடையாளம்.

அவர் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறார். (பலரும் செய்வது இதைத்தான்!) 7-வது வாரம் கதை மாறுகிறது. ஓட ஓட வலி ஏறுகிறது. மாடிப்படி ஏறினாலும், ராத்திரி படுத்திருந்தாலும் வலிக்கிறது. அழுத்தினால் ஒரே ஒரு புள்ளியில், விரல் நுனி அளவு இடத்தில் சுரீர் என்கிறது. இப்போது விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். 'செக் பண்ணிப் பார்க்கலாம்' என்று ஒற்றைக் காலில் குதித்துப் பார்ப்பதெல்லாம் வேண்டாம்.

எக்ஸ்ரே நார்மல்னா நிம்மதியா?

இல்லை. முதல் இரண்டு, மூன்று வாரங்களில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஒரே புள்ளியில் வலி நீடித்தால் எம்ஆர்ஐ ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேட்கலாம். விரல் சோதனை வெறும் துப்புதான், முடிவு அல்ல.

விரிசல் உறுதியானால் பொதுவாக 6 முதல் 8 வாரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஓடக் கூடாது. எலும்பின் உள்ஓரத்தில் இல்லாமல் நேர் முன்பக்கத்தில் விரிசல் விழுந்தால் ஆறுவது மெதுவாகும். சிலருக்கு ஆபரேஷன் வரை போகலாம்.

பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போனாலோ, எடை குறைக்க யாரேனும் சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்திருந்தாலோ எலும்பு பலவீனமாகி விரிசலுக்கான வாய்ப்பு கூடும். கால் வலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிடாமல், இதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.