டிவிஆர் 'பீப்' அடித்தால் என்ன செய்வது?

மளிகைக் கடையின் டிவிஆர் பெட்டி விடாமல் 'பீப்' அடிக்கிறது. திரையில் கேமராக் காட்சிகள் தெளிவாக ஓடுவதால், கடைக்காரர் ஒலியை மட்டும் நிறுத்திவிடுகிறார். ஆபத்து இங்கேதான். நேரடிக் காட்சிக்கு ஹார்ட் டிஸ்க் தேவையில்லை, பதிவுக்குத்தான் தேவை.

மெனுவில் டிஸ்க் பகுதியைத் திறந்தால் காரணம் புலப்படும். இடம் நிரம்பியிருந்தால் 'Overwrite' வசதியை இயக்கினால் போதும். பழைய பதிவு அழிந்து புதியது ஏறும். பட்டியலில் டிஸ்க்கே இல்லையென்றால், முதலில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மூடியைக் கழற்ற வேண்டும். டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிள் தளர்ந்திருக்கலாம். இரு முனைகளையும் கழற்றி, அழுத்திச் செருகினால் பல பெட்டிகள் பிழைத்துக்கொள்ளும்.

கேபிளை மாற்றியும் தெரியவில்லை, உள்ளே 'டக் டக்' சத்தம் வேறு கேட்கிறது என்றால் டிஸ்க் போய்விட்டது. முக்கியமான காட்சி உள்ளே இருந்தால் 'Format' கொடுக்கவே கூடாது.

புது டிஸ்க் மாட்டிய மறுநாள், முந்தைய இரவின் பதிவை ஓட்டிப் பாருங்கள்.